இரும்பு மாத்திரை: காலையிலா இரவிலா, தினமுமா ஒருநாள் விட்டா?

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, முடி கொட்டுவதை ரப்பர் பேண்டை வைத்து அளப்பார். சடை நுனியில் முன்பெல்லாம் இரண்டு சுற்றுக்கு மேல் போடமுடியாதாம். போன தீபாவளி சமயத்தில் நான்கு சுற்று போட்டும் நழுவியது. ஒருநாள் என் மருந்துக் கடைக்கு வந்து, பாதி தீர்ந்த இரும்பு மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்தார்.

"தம்பி, மூணு மாசமா முழுங்குறேன். முடியும் நிக்கல, வயிறும் இறங்கல. வேற கம்பெனி குடுப்பா."

"எப்ப போடுறீங்கக்கா?"

"காலைல இட்லி சாப்பிட்டு, காபி குடிச்சிட்டு, அந்தக் கால்சியம் மாத்திரையோட சேர்த்து."

கம்பெனியில் ஒரு குறையும் இல்லை. ஒரே மாத்திரையை எப்போது, எதனோடு, எத்தனை நாளுக்கு ஒருமுறை போடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர் 'எந்த மாத்திரை நல்லது' என்றுதான் கேட்கிறார்கள். எந்த வேளை நல்லது என்று கேட்பவர்கள் குறைவு. அதனால் இங்கே பிராண்டுகளை ஒதுக்கிவிட்டு, வேளைகளை ஒப்பிடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வாசல் இருக்கிறது. முடி கொட்டுகிறது என்ற ஒரே காரணத்துக்காக இரும்பு மாத்திரை போடக்கூடாது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் இரண்டையும் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் ரத்தத்தில் ஓடும் இரும்பு, ஃபெரிட்டின் கையிருப்பு. கையிருப்பு கரைந்த பிறகும் ஹீமோகுளோபின் சில காலம் சரியாகவே காட்டும். அதனால் 'ரத்தம் 12 இருக்கு, பிரச்சினை இல்லை' என்று கேட்டுக்கொண்டு வருபவர்களுக்கும் ஃபெரிட்டின் பத்துக்குக் கீழே இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 15க்குக் கீழே போனால் இரும்புக் குறைபாடு என்கிறது. முடி விஷயத்தில் தோல் மருத்துவர்கள் பலர் 40க்கு மேல் இருக்கட்டும் என்பார்கள், சிலர் 70 வரை போவார்கள். இந்த எண்ணில் அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. கையிருப்பு நிறைவாக உள்ளவருக்கு இரும்பு கொடுத்து முடி வளர்ந்ததற்கு நம்பத்தகுந்த ஆதாரமும் இல்லை. காய்ச்சலோ உடம்பில் வேறு அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். ஆக, டெங்கு வந்து போன அடுத்த வாரம் எடுத்த ஃபெரிட்டினை நம்பிவிடாதீர்கள். சிவப்பணு அளவு சிறுத்து, ஃபெரிட்டின் மட்டும் நன்றாக இருந்தால் அது தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறாக இருக்கலாம். இரும்பு அதற்கு மருந்தல்ல.

தையல் கடை அக்காவுக்கு இந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. அவருக்கு வயது 38, எடை 54 கிலோ. ஹீமோகுளோபின் 10.8, ஃபெரிட்டின் 9. மாதவிடாய் ஏழெட்டு நாள் நீடிக்கும், முதல் மூன்று நாள் கடையைத் திறக்கவே முடியாது. மூன்று மாதம் மாத்திரை போட்ட பிறகு எடுத்த அறிக்கையில் ஹீமோகுளோபின் 11, ஃபெரிட்டின் 11. அதாவது அநேகமாக நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

அவருக்கு எவ்வளவு இரும்பு வேண்டும் என்று ஒரு ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஹீமோகுளோபினை 10.8இலிருந்து 13க்கு ஏற்ற, எடையோடு 2.2ஐயும் 2.4ஐயும் பெருக்கினால் ஏறத்தாழ 285 மி.கி. வரும். மருத்துவமனையில் ஊசி வழியாக இரும்பு ஏற்றும்போது பயன்படுத்தும் கணக்குதான் இது. அப்புறம் கையிருப்பு. ஃபெரிட்டினில் ஒரு புள்ளி ஏறினால் உடம்பில் சுமார் 8 மி.கி. இரும்பு சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 9இலிருந்து 40க்குப் போக 250 மி.கி. இரண்டும் சேர்த்து 530 சொச்சம். ஒன்பது மாத்திரையில் இருக்கும் இரும்புதான். ஆனால் விழுங்குவது எல்லாம் உள்ளே போவதில்லை. இந்த ஒப்பீடு முழுவதும் அதைச் சுற்றித்தான்.

இன்னொரு பக்கம் செலவும் இருக்கிறது. அதிகமாக உதிரம் போகும் பெண்ணுக்கு மாதம் 100 மி.லி. போனால், அதோடு 35, 40 மி.கி. இரும்பும் போய்விடுகிறது. மற்ற அன்றாட இழப்பைச் சாப்பாடு ஈடுகட்டிவிடும் என்று வைத்தாலும், இந்த 40ஐக் கழித்துக்கொண்டுதான் கணக்கைப் பார்க்க வேண்டும்.

சரி, வழிகளைப் பார்ப்போம். எல்லாவற்றிலும் ஒரே மாத்திரைதான்: 60 மி.கி. இரும்பு கொண்டது. அட்டையில் ஃபெரஸ் சல்பேட் 200 மி.கி. என்று போட்டிருந்தால் அது உப்பின் எடை. அதற்குள் இருக்கும் இரும்பு 60, 65 தான். அட்டையில் எலிமென்டல் அயர்ன் என்று சிறிய எழுத்தில் வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அரசு சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையிலும் இரும்பு 60 மி.கி.தான்.

முதல் வழி, அக்கா செய்தது. காலைப் பலகாரம், காபி, மாத்திரை. சுவிட்சர்லாந்தில் இரும்பு குறைந்த இளம்பெண்களை வைத்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேராகவே அளந்தது. காலையில் தண்ணீரோடு வெறும் வயிற்றில் போட்டதை அளவுகோலாக வைத்தார்கள். மாத்திரையோடு காபி குடித்தால் உள்ளே போகும் இரும்பு பாதிக்கு மேல் குறைந்தது. காபியோடு காலை உணவும் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்குதான் தேறியது. டீயும் இதே ஜாதிதான். காபியிலும் டீயிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. கால்சியம் மாத்திரை, பால், தயிர், வயிற்றெரிச்சலுக்குப் போடும் ஜெல்லும் மாத்திரையும் வேறு வகையில் தடுக்கின்றன. காபியோடு தினமும் போட்டுக்கொண்டு, மலச்சிக்கல் தாங்காமல் வாரத்தில் மூன்று நாள் விட்டுவிட்டால், மாதத்துக்கு 60 மி.கி. உள்ளே போனாலே பெரிது. அதில் 40 உதிரத்தோடு போனால் மிச்சம் 20. 530ஐ 20ஆல் வகுத்தால் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். "அதுக்குள்ள மொட்டையாயிடுவேன்" என்றார் அக்கா.

இரண்டாவது வழி, காபி இல்லாமல் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது. டாக்டர்கள் பலரும் எழுதித் தருவது இதுதான், காரணம் இல்லாமலும் இல்லை. வெறும் வயிற்றில் போட்டால் சிலருக்குக் குமட்டிக்கொண்டு வரும், இரண்டாவது வாரமே நிறுத்திவிடுவார்கள். நிறுத்திய மாத்திரையிலிருந்து ஒரு மில்லிகிராமும் ஏறாது. சாப்பாட்டோடு போட்டால் இரும்பு ஏறக்குறைய பாதியாகக் குறையும். சாப்பாடு என்ன என்பதைப் பொறுத்து இது மாறும். பருப்பும் தயிரும் கலந்த சோறானால் கூடுதலாகவே குறையும். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் மாதம் 90 மி.கி., உதிரம் போக 50. பத்து, பதினோரு மாதம் ஆகும். வெறும் வயிறு ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால் மட்டும் இந்த வழி.

இதில் ஒரு முரண் உண்டு, பலருக்கும் பிடிபடுவதில்லை. குமட்டலும் வயிற்றெரிச்சலும் மாத்திரை இரைப்பையை உரசுவதால் வருகின்றன, சாப்பாடு அதைக் குறைக்கும். மலச்சிக்கலோ உள்ளே போகாமல் குடலில் தங்கிவிடும் இரும்போடு தொடர்புடையது. சாப்பாட்டோடு போட்டால் தங்குவது கூடுகிறது. அதனால் 'சாப்பிட்டுத்தானே போடுறேன், ஏன் வயிறு இறங்கல' என்ற அக்காவின் குறை நியாயமானது, ஆனால் விடையும் அதிலேயே இருக்கிறது.

மூன்றாவது, தினமும் காலை வெறும் வயிற்றில். நான்காவது, ஒருநாள் விட்டு ஒருநாள் காலை வெறும் வயிற்றில். இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம், ஏனென்றால் இங்கேதான் உடம்பின் ஒரு தந்திரம் வருகிறது. இரும்பு வந்ததும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஒன்றைச் சுரந்து, குடலின் கதவைச் சாத்திவிடுகிறது. அது முழுதாகத் திரும்பத் திறக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். அடுத்த நாள் காலை போடும் மாத்திரைக்குக் கதவு பாதிதான் திறந்திருக்கும். சூரிச்சிலிருந்து 2017இல் வந்த ஆய்வில், 60 மி.கி.யைத் தினமும் எடுத்த பெண்களின் உடம்பில் சராசரியாக 16 சதவீதமும், ஒருநாள் விட்டு எடுத்தவர்களுக்கு 22 சதவீதமும் ஏறியது.

இந்தச் செய்தியைக் கேள்விப்பட்ட பலர், ஒருநாள் விட்டுப் போட்டால் சீக்கிரம் ஏறும் என்று தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு மாத்திரைக்குக் கூடுதலாக ஏறும், ஒரு மாதத்துக்கு அல்ல. தினமும் போட்டால் 30 மாத்திரையில் மாதம் 290 மி.கி. போல. ஒருநாள் விட்டால் 15 மாத்திரையில் 195 போல. அக்காவின் 40ஐக் கழித்தால் முன்னதற்கு 250, பின்னதற்கு 155. தினமும் போட்டால் இரண்டு மாதத்துக்கு மேல் கொஞ்சம், விட்டுப் போட்டால் மூன்றரை மாதம். கையிருப்பு ஏற ஏற உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் நிஜத்தில் இரண்டுமே இதைவிட நீளும். கணக்கு வழிகளை ஒப்பிடத்தான், தேதி குறிக்க அல்ல.

அப்படியென்றால் தினமும் போடுவதுதானே கெட்டிக்காரத்தனம்? ஹீமோகுளோபின் எட்டுக்குப் போய்விட்டவருக்கு, கர்ப்பிணிக்கு, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவருக்கு ஆமாம், டாக்டர் அப்படித்தான் சொல்வார். முடிக்காகப் போடுபவருக்கு நான் ஒருநாள் விட்டு ஒருநாளைத்தான் சொல்வேன். முடிக்கு அவசரம் கிடையாது, ஏன் என்று கீழே வருகிறது. மாதத்துக்குப் போடும் மாத்திரைகள் பாதி என்றால் குடலில் தங்குவதும் பாதி, விட்டுவிடாமல் ஆறு மாதம் ஓட்ட முடியும். நாளை மறந்துவிடாமல் இருக்க அக்கா கடை காலண்டரில் போடும் நாளுக்கெல்லாம் முன்கூட்டியே ஊசியால் ஓட்டை போட்டுவைத்தார்.

இரவு படுக்கும்போது போடுவதும் ஒரு வழிதான். குமட்டல் தூக்கத்தில் தெரியாது, காபித் தொல்லையும் இல்லை. ஆனால் ஹெப்சிடின் இயல்பாகவே காலையில் தாழ்ந்தும் நாள் போகப் போக உயர்ந்தும் இருக்கும். அதே 2023 ஆய்வில் பிற்பகலில் போட்டபோது காலையைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. இரவில் போடுவதானால் சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், அரை மணி நேரம் படுக்கக் கூடாது. ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுவிட்டு உடனே சாய்ந்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அந்த இடத்தையே புண்ணாக்கிவிடும்.

இந்த இரவு வழி யாருக்குச் சரிவரும் என்றால் தைராய்டு மாத்திரை போடுபவர்களுக்கு. முடி கொட்டும் பெண்களில் அவர்களும் நிறையப் பேர். காலை வெறும் வயிறு தைராக்சினுக்கு ஒதுக்கப்பட்ட இடம். இரும்பு அதோடு சேர்ந்தால் தைராக்சினையும் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு தைராய்டு சோதனையில் டி.எஸ்.ஹெச். அளவு ஏறிவிட்டதே என்று டாக்டர் தைராய்டு மாத்திரையைக் கூட்டுவார். இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பதினோரு மணியோ இரவோ, அவர்களுக்கு எது வசதியோ அது.

எலுமிச்சையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வைட்டமின் சி இரும்பை ஏற்றும் என்பது உண்மை. அதற்காகத் தனியாக வைட்டமின் சி மாத்திரை வாங்க வேண்டியதில்லை. சீனாவில் நானூற்றுச் சொச்சம் பேரை வைத்துப் பார்த்தபோது, இரும்பை மட்டும் எடுத்தவர்களுக்கும் வைட்டமின் சியோடு எடுத்தவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஒரே மாதிரிதான் ஏறியது. வயிறு தாங்கினால் ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொள்ளுங்கள், எரிந்தால் வெறும் தண்ணீர் போதும்.

மாத்திரை வகையில் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். ஃபெரிக் பாலிமால்டோஸ் என்று ஒரு வகை, சிரப்பாகவும் மெல்லும் மாத்திரையாகவும் வரும். வயிற்றுக்கு இதமானது, சாப்பாட்டோடுதான் போட வேண்டும், மேலே சொன்ன வேளைக் கணக்கு இதற்குப் பொருந்தாது. ஏறுவது மெதுவாகத்தான். 'மெல்ல மெல்லக் கரையும்' என்று விற்கும் கேப்ஸ்யூல்களில் பல, இரும்பு ஏறும் முன்குடலைத் தாண்டிப்போய்க் கரைவதால் வயிறு அமைதியாக இருக்கும், அறிக்கையும் அமைதியாகவே இருக்கும்.

மாத்திரையே வேண்டாம், பேரீச்சையும் முருங்கைக் கீரையும் போதும் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, கணக்கைத்தான் காட்டுவேன். தாவர உணவின் இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். கையிருப்பு நிறைந்த பிறகு அதைக் காப்பாற்றக் கீரை உதவும். காலியான பானையை நிரப்ப அது போதாது, அதிலும் மாதாமாதம் உதிரம் போய்க்கொண்டிருக்கும்போது. அக்காவைப் பெண்கள் நல மருத்துவரிடம் அனுப்பியதும் அதனால்தான். கர்ப்பப்பையில் சின்னதாக நார்க்கட்டி இருந்தது, அதற்குத் தனியே மருந்து ஆரம்பித்தார்கள்.

மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பச்சை கலந்த கறுப்பு, கெட்டியாக இருக்கும். தார் போலப் பிசுபிசுத்து, நாற்றம் தாங்கமுடியாமல், கூடவே தலைசுற்றலும் வந்தால் அது இரும்பு அல்ல, உள்ளே ரத்தம் கசிகிறது. அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும். இன்னொன்றையும் கடையில் தவறாமல் சொல்கிறேன். சர்க்கரைப் பூச்சு பூசிய சிவப்பு மாத்திரை சின்னப் பிள்ளைகள் கண்ணுக்கு மிட்டாய். ஒரு கை நிறைய விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தையல் மிஷின் டிராயர் அதற்கான இடமில்லை.

இப்போது முடியின் காலண்டர். தலையில் எந்த நேரத்திலும் பத்தில் ஒரு முடி போல ஓய்வில் இருக்கும். ஓய்வுக்குப் போன முடி உடனே விழாது, இரண்டு மூன்று மாதம் வேரில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் விழும். இரும்பு குறையும்போது ஓய்வுக்குப் போகும் முடிகள் கூடுகின்றன. ஆக இன்று சீப்பில் வருவது மூன்று மாதத்துக்கு முன்பே முடிவான முடி. இன்று முதல் மாத்திரை சரியாக ஏறினாலும், ஏற்கெனவே ஓய்வில் உள்ளவை விழுந்தே தீரும். தினமும் போட்டு ஒரு மாதம் முந்தினாலும் சீப்பில் பெரிய வித்தியாசம் தெரியாது என்று சொன்னது இதனால்தான். மூன்றாவது வாரமே 'கேக்கல' என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

ரத்தத்தின் காலண்டர் வேறு. மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரை போடும் விதம் தப்பு, அல்லது உதிரம் அதிகம் போகிறது, அல்லது குடல் இரும்பை எடுக்கவில்லை. முடிக்காகக் காத்திருப்பதைவிட இந்தச் சோதனை சீக்கிரம் உண்மையைச் சொல்லிவிடும். மூன்று மாதம் ஆவதற்குள் ஃபெரிட்டினை எடுப்பது காசைக் கரியாக்குவது. இத்தனைக்கும் அசையவில்லை என்றால் ஊசி வழியாக ஏற்றுவதைப் பற்றி டாக்டரே பேசுவார்.

அக்கா டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஐந்தரைக்கு மாத்திரை, ஏழு மணிக்குக் காபி, கால்சியம் இரவில் என்று மாற்றிக்கொண்டார். காபியை ஒன்றரை மணி நேரம் தள்ளியதுதான் அவருக்குப் பெரிய தியாகம். மலச்சிக்கல் இரண்டு வாரத்தில் குறைந்தது. முதல் மாத முடிவில் ஹீமோகுளோபின் 12. மூன்றாம் மாதம் 12.5, ஃபெரிட்டின் 27. அப்போதும் சீப்பில் முடி வந்துகொண்டுதான் இருந்தது, ரசீதின் பின்பக்கத்தைத் திரும்ப எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. நான்காம் மாதக் கடைசியில் குளியலறைச் சல்லடையில் அடைப்பது நின்றது. ஆறாம் மாதம் நெற்றி ஓரத்தில் விரல் நுனி அகலத்துக்குக் குட்டி முடிகள் எழும்பி நின்றன, எண்ணெய் வைத்தாலும் படியவில்லை. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், அவை சடைக்குள் வந்து சேர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

ஏழாம் மாதம் ஃபெரிட்டின் 43. டாக்டர் மாத்திரையை நிறுத்தி, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார். ரப்பர் பேண்ட் இப்போதும் நான்கு சுற்றுதான், ஆனால் நழுவுவதில்லை.